அறுபத்தொரு பக்கத்தில் ஒரு சிரிப்பு

மூன்று மணி நேரம் பத்து நிமிடப் பேச்சு, எழுத்தில் அறுபத்தொரு பக்கம் வந்தது. அதை முதலில் பேனா இல்லாமல் படிக்க வேண்டும் என்பது எங்கள் பேராசிரியை வைத்திருந்த விதி. அடிக்கோடு போடக் கூடாது, ஓரத்தில் எழுதக் கூடாது. ஒரு முறை வெறுமனே படித்து முடிக்க வேண்டும். புனேயில், சாங்விப் பகுதியில் எங்கள் வீட்டுப் பால்கனிக் கதவருகே உட்கார்ந்து, காதில் ஒலிப்பதிவை ஓடவிட்டபடி படித்தேன். வெளியே ஜூலை மழை. காதுக்குள் கசார்வாடி வீடு ஒன்றின் மின்விசிறி, அதன் பின்னால் ஏதோ ஒரு பட்டறையில் லேத் ஓடும் சத்தம், அதற்கும் மேலே ஒரு பெண்ணின் குரல். எந்த மழை வெளியே பெய்கிறது, எந்த மழை பதிவில் பெய்கிறது என்று சில நேரம் தெரியவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. சென்னையில் ஒரு நாளிதழில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவள். கணவருக்குப் புனேயில் வேலை மாறியதும் இங்கே வந்து, சும்மா இருக்க முடியாமல் சமூகவியல் முதுகலையில் சேர்ந்திருந்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரு வாழ்க்கை வரலாற்றுத் திட்டம். இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஒருவரை நேர்காண வேண்டும், அந்தப் பேச்சிலிருந்து கருப்பொருள்களைப் பிரித்தெடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் வரிகள் தர வேண்டும். வரிகள் கல்லூரி நடைவழியில் ஒரு வாரம் காட்சிக்கு இருக்கும்.

என்னோடு சேர்ந்தவள் வகுப்பிலேயே சின்னவள், இருபத்திரண்டு வயது. பிறந்தது பிம்ப்ரியில், அப்பா அம்மா சேலத்துக்காரர்கள். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் படிக்கட்டு இறங்குவதுபோலப் பார்த்துப் பார்த்துப் பேசுவாள். தமிழ் எழுத்து அவளுக்குக் கடைப் பலகை அளவுக்குத்தான். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் பதிவைப் போட்டுப் பார்த்தோம். தமிழும் இந்தியும் மராத்தியும் ஒரே மூச்சில் வந்ததில் அது திணறி, பாதியை விழுங்கிவிட்டது. கடைசியில் அவளே ஒன்பது நாள் உட்கார்ந்து, தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டினாள். வரி எண், நிமிடக் கணக்கு, யார் பேசுவது என்ற குறி எல்லாம் போட்டு. பேராசிரியை சொன்னபடி, சிரிப்பு வந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்றும், பேச்சு நின்ற இடத்தில் எத்தனை வினாடி என்றும் குறித்திருந்தாள்.

அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றியது நான்.

பேசியவர் கசார்வாடியில் பழைய மும்பை நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில் குடியிருந்தார். அறுபதை நெருங்கியவர். இருபத்தாறு ஆண்டுகள் பிம்ப்ரிப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், பெரும்பகுதி ஊசி மருந்துப் பாட்டில்களைக் கண்ணால் சோதிக்கும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அக்கா என்றேன். அவள் ஆன்ட்டி என்றாள். அவர் என்னை 'நீங்க' என்றும், அவளைப் 'பாப்பா' என்றும் அழைத்தார்.

வேலையை அவர் விளக்கியது பத்தாம் பக்கத்தில் இருந்தது. முன்னால் ஒரு பலகை, பாதி கறுப்பு, பாதி வெள்ளை. மேலே விளக்கு. பெல்ட்டில் மூடி போட்ட பாட்டில்கள் வரும். கழுத்தைப் பிடித்து எடுத்து, மெல்லச் சாய்த்துச் சுழற்றி, மருந்து உள்ளே சுற்றும்போது பார்க்க வேண்டும். கண்ணாடித் துகள், வெள்ளை நூல் என்றால் கறுப்பில் தெரியும். கறுப்புத் தூசி வெள்ளையில் தெரியும். நல்லது பெல்ட்டுக்கே திரும்பும். சந்தேகம் என்றால் வலப் பக்கத் தட்டு. கண் சலிக்காமல் இருக்கக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவார்கள். வருடா வருடம் கண் பரிசோதனை. "கண்ணு போனா வேலை போச்சு, வேலை போனா லேபிள் ஒட்டற ரூமு," என்று சொல்லியிருந்தார்.

இரண்டாம் முறை படிக்கும்போது பென்சில் எடுத்தேன். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு சொல். பெல்ட். கண். பேருந்து. மகள். லேபிள் ரூம். பிறகு வரிகளைச் சீட்டுகளாக வெட்டி, எண் போட்டு, ஒரே சொல் விழுந்தவற்றை ஒன்றாக அடுக்கினேன். இரண்டு நாளில் மூன்று கருப்பொருள்கள் வந்துவிட்டன. ஓயாத வேலை. தேயும் கண். கிடைக்காத மதிப்பு. செய்தி அறையில் ஒரு பேட்டியை நாற்பது நிமிடத்தில் முடித்துப் பழகிய கைக்கு இரண்டு நாள் என்பது தாராளம்.

மேற்கோள்களில் ஒன்று எனக்கு உடனே பிடித்துவிட்டது. அதையே தலைப்பாகவும் வைத்தேன்.

'கண்ணை மூடினால் பாட்டில் போய்க்கொண்டே இருக்கும்... நிற்கவே நிற்காது.'

அது இப்படி உருவானது. முதல் பாதி முப்பத்து நாலாம் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பாதி நாற்பத்தொன்றில். இரண்டையும் சொன்னது அவர்தான், இரண்டும் பாட்டிலைப் பற்றித்தான். நடுவில் மூன்று புள்ளி வைத்தேன். மூன்று புள்ளி என்பது நாளிதழில் நாங்கள் தினமும் செய்கிற காரியம். கேள்வியை எடுப்போம், இழுவையை எடுப்போம், 'வந்து', 'அது என்னன்னா' எல்லாம் போகும். சிரிப்பை யாரும் அச்சில் போடுவதில்லை. ஆங்கில எழுத்திலிருந்து தமிழுக்கு மாற்றும்போதே இவை எல்லாவற்றையும் என் கை தானாக எடுத்துவிட்டிருந்தது. அவள் குறித்த அடைப்புக்குறிகளில் ஒன்றுகூட என் பிரதியில் இல்லை. இதை நான் அப்போது கவனிக்கவும் இல்லை.

காட்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, வரிகளை அவரிடமே வாசித்துக் காட்டப் போனோம். அது ஒப்புதல் படிவத்தில் இருந்த நிபந்தனை. சமர்ப்பிக்கும் முன் எந்த வரியையும், வேண்டுமானால் மொத்தத்தையும், அவர் எடுக்கச் சொல்லலாம். படிவத்தை மராத்தியில் படித்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சாயங்காலம். கட்டிலில் அவர், கீழே பாயில் நாங்கள். தட்டில் பொகா, நம் அவல் உப்புமா போல, அதன் மேல் தேங்காய்த் துருவல். ஜன்னலுக்கு வெளியே பட்டறையில் இரும்பு சீவும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நான் தலைப்பிலிருந்து தொடங்கினேன்.

வாசித்து முடித்ததும் அவர் கேட்டார். "இது யாரு சொன்னது?"

"நீங்கதான்க்கா."

"நானா?"

"ஆமாக்கா. ரெக்கார்டிங்ல இருக்கு."

"இருக்கும். எங்கயாச்சும் சொல்லிருப்பேன். ஆனா இது யாரோ அழுதுக்கிட்டே சொன்ன மாதிரி இல்ல இருக்கு? நான் எப்ப அழுதேன்? பாப்பா, நீ சொல்லு, நான் அழுதனா?"

"இல்ல ஆன்ட்டி. நீங்க... நிறைய சிரிச்சீங்க."

"கேட்டுக்குங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "மிச்சத்தையும் படிங்க."

படித்தேன். ஓயாத வேலை, ஆறு வரி. தேயும் கண், ஐந்து வரி. கிடைக்காத மதிப்புக்கு வரும்போது அவர் பொகாவில் இருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"போதும்," என்றார். "இதப் பாக்க என்கூட லைன்ல இருந்த மூணு பேரக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். மூணும் மராட்டிப் பொம்பளைங்க. ஆரத்தி எடுக்காத குறையா வர்றேன்னு சொல்லிட்டாளுங்க. இதப் பாத்தா என்ன கேப்பாளுங்க தெரியுமா? இருவத்தாறு வருஷம் எங்ககூட உக்காந்து டப்பா பிரிச்சுத் தின்னுட்டு, உள்ளுக்குள்ள இப்படியா நெனச்சிட்டிருந்தேன்னு கேப்பாளுங்க. என் பொண்ணு நர்ஸு. அந்த ஊசிய எடுத்துக் குத்தறவ. அவகிட்ட நான் இப்படி ஒரு நாளும் பேசினதில்ல."

"வேணும்னா ரெண்டு வரிய மாத்திடலாம்க்கா."

"மாத்த வேணாம். எடுத்துடுங்க. எல்லாத்தயும். என் பேச்சு வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க. டீ போடட்டுமா?"

டீ குடித்தோம். அவர் கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கிளம்பும்போது என் தோழி, செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்குத் தோன்றாத ஒன்றைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, சண்டே வரைக்கும் டைம் தர்றீங்களா? ஒரு தடவை இன்னும் கேளுங்க. அப்புறம் வேணாம்னா அவ்ளோதான், டிலீட்."

"சண்டே மத்தியானம் கறி செய்வேன். வந்தா சாப்புட்டுத்தான் போகணும்."

அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். மெட்ரோத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. பாலத்தில் வண்டிகள் நின்றபோது அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோபப்படுவீங்களா?"

"சொல்லு."

"நான் எழுதினதுல சிரிப்பு இருந்துச்சு. உங்களோடதுல இல்ல. நான் பாத்தேன். நீங்க பேப்பர்ல இருந்தவங்க, இதுதான் ரைட் போலனு விட்டுட்டேன்."

"சிரிப்பு எத்தன இருந்துச்சு?"

"எண்ணல அக்கா. நிறைய."

வீட்டுக்கு வந்து அவள் பிரதியைத் திறந்து, தேடலில் அந்த ஒரு சொல்லைப் போட்டோம். நூற்றுப் பன்னிரண்டு இடம். திரையின் ஓரத்தில் மஞ்சள் கோடுகள் மேலிருந்து கீழ்வரை விழுந்தன. என் மூன்று கருப்பொருள்களும் அந்த மஞ்சளுக்கு நடுவில் இருந்த வெள்ளையிலிருந்து எடுத்தவை.

முப்பத்து நாலாம் பக்கத்தைக் கண்டுபிடித்துக் காதில் வைத்தேன். முழுமையாக அது இப்படி இருந்தது. முதலில் என் தோழியின் கேள்வி, வீட்டுக்கு வந்த பிறகு பாட்டிலெல்லாம் மறந்துவிடுமா என்று. பிறகு சிரிப்பு. பிறகு, "எங்க மறக்கறது? கண்ண மூடினா பாட்டில் போய்க்கிட்டே இருக்கும், ஒண்ணு பின்னால ஒண்ணு." பிறகு ஆறு வினாடி ஒன்றுமில்லை. பிறகு, "அதப் பாத்துக்கிட்டே தூங்கிடுவேன். அவ்ளோ நல்லாருக்கும்."

நாளிதழில் ஆறு வினாடி என்பது கிடையாது. நான் அதைப் பலமுறை கேட்டேன். மின்விசிறி சுற்றுகிறது. லேத் ஒரு இழுப்பு இழுத்து நிற்கிறது. தூரத்தில் லோணாவளா லோக்கல் ரயில் போகிறது, பெட்டி பெட்டியாக. யாரோ ஒரு தம்ளரைத் தரையில் வைக்கிறார்கள், நானாகத்தான் இருக்கும். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், அந்த ஆறு வினாடியிலும். அவர் கண்ணை மூடியிருந்தார் என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. கேட்கக் கேட்க எனக்கும் பாட்டில்கள் தெரிந்தன. உள்ளே மருந்து சுழன்று, வேகம் குறைந்து, தெளிந்து நிற்பது தெரிந்தது.

நாற்பத்தொன்றில் இருந்த 'நிக்கவே நிக்காது' வேறு சங்கதி. பெல்ட் நிற்காது என்பதால், பாத்ரூம் போக வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவளிடம் ஜாடை காட்டிவிட்டு, மேற்பார்வையாளரிடம் சொல்லி மாற்று ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஜாடையை நான்கு பேரும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு முழுப் பக்கம். அதில் மட்டும் ஒன்பது சிரிப்பு.

மறுபடி தொடங்கினோம். சீட்டுகள் பழைய எண்களோடே இருந்தன. ஆனால் ஒவ்வொரு சீட்டையும் புதிதாக அச்சடித்தோம், கேள்வியோடு, சிரிப்போடு, வினாடிகளோடு. ஒரு வரியாக இருந்தது ஐந்து வரி ஆனது. கூடத்தில் தரை முழுக்கப் பரப்பினோம். என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்து, சுவரோரமாகவே நடந்து சமையலறைக்குப் போனார்.

கருப்பொருள்களுக்கு நாங்கள் பெயர் வைப்பதை நிறுத்தினோம். அவர் வாயில் வந்த சொல்லையே பெயராக்கலாம் என்று பேராசிரியை வகுப்பில் சொல்லியிருந்தார். நான் கறுப்புப் பலகை, வெள்ளைப் பலகை என்று இரண்டாகப் பிரிக்கலாமா என்று கேட்டேன். அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"படத்து டைட்டில் மாதிரி இருக்கு அக்கா."

"நல்ல படமா?"

"அவார்டு படம். யாரும் பாக்க மாட்டாங்க."

விட்டுவிட்டேன். கடைசியில் நின்றவை: 'ஜாடை', 'சந்தேகம்னா தட்டு', 'பஸ்ல இருவது நிமிஷம்', 'லேபிள் ரூமு'. முன்பு எந்த அடுக்கிலும் சேராமல் நான் ஒதுக்கி வைத்திருந்த சீட்டுகள்தான் இவற்றில் பாதி. கசப்பு காணாமல் போகவில்லை. லேபிள் ரூமுக்கு மாற்றப்பட்ட கடைசி நான்கு வருடங்களைப் பற்றிப் பேசிய பதினோரு பக்கத்தில் சிரிப்புக் குறி இரண்டுதான். கண் மங்கியது அவருக்குத் துக்கம். பாட்டில்கள் நிற்காமல் போனதில் துக்கம் இல்லை, ஒருநாள் நின்றுபோனதில்தான்.

ஞாயிறு மத்தியானம் கறியும் சோறும் சாப்பிட்ட பிறகு, முதலில் ஒலியைத்தான் போட்டோம். முப்பத்து நாலாம் பக்கம். தன் சிரிப்பைக் கேட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, இவ்ளோ சத்தமாவா சிரிக்கறேன்?" ஆறு வினாடி வந்தது. அறையிலும் பதிவிலும் ஒரே மின்விசிறி.

"சீட்டக் கொடுங்க," என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கினார். தமிழ் நிதானமாகப் படிப்பார். ஒவ்வொரு சீட்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் சாய்த்து, படித்து முடித்து இடப் பக்கம் வைத்தார். சிலதைப் படித்துச் சிரித்தார். ஒன்றில் ஒரு ஊர்ப் பெயரைத் திருத்தச் சொன்னார். லேபிள் ரூம் சீட்டுகளைத் தள்ளிவிடுவார் என்று பயந்தேன். அவற்றையும் இடப் பக்கம்தான் வைத்தார். "இது இருக்கட்டும். இது நெசம்."

இருபத்துநாலாம் சீட்டை நீண்ட நேரம் பிடித்திருந்தார். பிறகு வலப் பக்கம் வைத்தார்.

அந்தச் சீட்டில் இருந்தது அறுபத்தொரு பக்கத்திலேயே சிறந்த வரி. நான் அதில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. கேள்வி இருந்தது, வினாடி இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. எந்த நாளிதழிலும் அது தலைப்பாகியிருக்கும்.

"அக்கா, அதுல ஏதாவது தப்பா?"

"தப்பில்ல. நான் சொன்னதுதான். சொன்ன மாதிரியேதான் போட்டிருக்கீங்க."

"அப்புறம்?"

"வேணாம்." கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். "அங்க தள்ளினா ஏன்னு எழுதணும். துகளு, நூலு, மூடி சரியில்லனு. இங்க எழுத வேணாம்ல?"

"வேணாம்க்கா."

"அப்ப மிச்சத்த வெச்சுக்குங்க."

என் தோழி அந்தச் சீட்டை எடுத்து நான்காக மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். சாயங்காலம் இரண்டு பிரதிகளிலும் அந்த வரிகளை அழித்தோம். பதிவிலும் அந்த ஒன்றரை நிமிடத்தை வெட்டினோம். நீக்கம், பேசியவர் விருப்பப்படி என்று ஒரு குறிப்பு மட்டும் வைத்தோம். வெட்டும்போது மவுஸ் என் கையில்தான் இருந்தது. அந்த வரி எனக்கு இன்னும் மனப்பாடம். அதை இங்கேயும் எழுதவில்லை.

காட்சியின் முதல் நாள் நடைவழியில் சீட்டுகளைப் பெரிதாக அச்சடித்து வரிசையாக ஒட்டியிருந்தோம், தமிழும் கீழே அவள் செய்த மராத்தியும். எண்களை மாற்றி அடுக்க நேரமிருந்தது, அப்படியே விட்டுவிட்டோம். அவர் மூன்று பெண்களோடு வந்தார். நால்வரும் நல்ல புடவை கட்டியிருந்தார்கள். சுவருக்கு ஒரு கை தூரத்தில், தோளோடு தோள் உரச நின்று, பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தபடி படித்தார்கள். 'ஜாடை'க்கு முன்னால் நின்றபோது ஒருத்தி அந்த ஜாடையையே செய்து காட்டினாள். மற்ற மூவரும் சிரித்த சிரிப்பில் அலுவலகத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு அவர்கள் நகர்ந்தார்கள். இருபத்திரண்டு. இருபத்து மூன்று. அடுத்ததில் ஒரு பெண் நின்றாள். மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தாள். இடப் பக்கம் பார்த்தாள், வலப் பக்கம் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அந்த வழியாகப் போன மாணவர்களோ ஆசிரியர்களோ யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"சோவீஸ் குட்டே ஆஹே?" என்று கேட்டாள். இருபத்துநாலு எங்கே?

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த சீட்டைப் படித்துக்கொண்டே சொன்னார்.

"ரிஜெக்ட்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். நால்வரும் இருபத்தைந்துக்கு நகர்ந்தார்கள்.